இருபத்தாறாவது குழந்தைக்கு ஆகும் செலவு

பிறந்தநாள் விழாவின் மொத்தச் செலவை வரும் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆகிறது என்பது தெரிந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த இந்த வகுத்தலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் நான்கைந்து குழந்தைகள் கூடுதலாக வந்தால் எவ்வளவு ஆகும்?" என்ற அடுத்த கேள்விக்குப் போகும்போதுதான் கணக்கு தடம் புரள்கிறது. எங்கள் உறவு வட்டத்தில் யார் வீட்டில் விழா என்றாலும் செலவுத் தாளை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது வழக்கமாகிவிட்டதால், இந்தக் குழப்பத்தைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அண்மையில் என் தங்கை கேட்டாள்: "அண்ணா, ஒரு குழந்தைக்கு 710 ஆகிறது என்று நீதானே போட்டுக் கொடுத்தாய்? இன்னும் ஆறு பேர் வருவார்கள் போலிருக்கிறது. அப்படியானால் 4,260 சேர்த்து எடுத்து வைத்தால் போதுமா?"

அவள் போட்ட பெருக்கல் சரி. ஆனால் பெருக்கிய எண் இந்தக் கேள்விக்கு உரியதல்ல. அந்த ஆறு குழந்தைகளுக்கும் சேர்த்து 800 மட்டுமே கூடுதலாகச் செலவாகும்படியும் செய்யலாம்; கவனிக்காமல் விட்டால் அதே ஆறு குழந்தைகளுக்கு 6,400 வரை போகவும் செய்யும். இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதை அவளுக்கு விளக்கியபோது எழுதி வைத்த கணக்கையே இங்கே விரிவாகத் தருகிறேன். எண்களை உங்கள் ஊர் நாணயத்தில் வைத்து வாசித்துக்கொள்ளுங்கள். விலை இடத்துக்கு இடம் மாறும், கணக்கின் நடை மாறாது. சாப்பாட்டை இதில் சேர்க்கவில்லை. அது பெரும்பாலும் தட்டுக்கு இவ்வளவு என்று நேராகப் பெருகுவதால், அதில் குழம்ப அதிகம் இடமில்லை. குழப்பம் தருபவை மற்ற நான்கும்தான்: கேக், ரிட்டர்ன் கிஃப்ட், ஹால் வாடகை, அலங்காரம்.

முதலில் அடிப்படைக் கணக்கு. அழைத்திருப்பது 20 குழந்தைகள். கூட வரும் பெரியவர்கள், வீட்டார், பிறந்தநாள் குழந்தை எல்லாரையும் சேர்த்து இன்னும் 12 பேர். ஆக ஹாலுக்குள் இருக்கப்போகிறவர்கள் 32 பேர். ஹால் வாடகை 6,000. அதில் 40 பேர் வரை இருக்கலாம். அலங்காரத்துக்கு 3,000. கேக் 2 கிலோ, அரைக் கிலோவுக்கு 400 என்ற விலையில் 1,600. ரிட்டர்ன் கிஃப்ட் டஜன் கணக்கில்தான் கிடைக்கிறது, ஒரு டஜன் 1,800. 20 குழந்தைகளுக்கு இரண்டு டஜன் வாங்கியாக வேண்டும் என்பதால் 3,600. எல்லாம் சேர்த்து 14,200. அதை 20ஆல் வகுத்தால் வருவது 710.

இந்த 710 என்ற எண்ணுக்குள் இரண்டு வகையான பணம் கலந்து கிடக்கிறது. ஹாலுக்கும் அலங்காரத்துக்கும் கொடுக்கும் 9,000, ஒரே ஒரு குழந்தை வந்தாலும் போகும் பணம். முப்பது குழந்தைகள் வந்தாலும், இடம் இருக்கும்வரை, அதே பணம்தான். 20 குழந்தைகளுக்குப் பிரித்தால் அது தலைக்கு 450 ஆகத் தெரிகிறது. கேக்கும் கிஃப்ட்டும் சேர்ந்த 5,200 மட்டுமே ஆட்களைப் பொறுத்தது, அது தலைக்கு 260. என் தங்கை 710ஐ ஆறால் பெருக்கியபோது, ஏற்கெனவே கட்டி முடித்துவிட்ட ஹால் வாடகையையும் தோரணத்தையும் ஆறு குழந்தைகளுக்காக மீண்டும் ஒரு முறை கட்டுவதாகக் கணக்குப் போட்டுவிட்டாள். சரி, 450ஐ விட்டுவிட்டு 260ஐ மட்டும் பெருக்கினால் போதுமா என்றால், அதுவும் போதாது. கேக்கும் கிஃப்ட்டும் தலைக்கு இவ்வளவு என்று சீராக ஏறுவதில்லை, படிப்படியாக ஏறுகின்றன. ஒரு படியில் நிற்கும்வரை செலவு அசையாது. அடுத்த படியில் கால் வைத்ததும் மொத்தமாக உயரும்.

கேக்கின் படியை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் அதுதான் பலரும் கண்ணளவில் முடிவு செய்கிற பொருள். ஒருவருக்கு 50 கிராம் துண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அது சிறிய துண்டுதான், ஆனால் பிற தின்பண்டங்களும் இருக்கும் விழாவில் குழந்தைகளுக்குப் போதுமானது. கேக்கின் எடை முழுவதும் தட்டுக்கு வந்துவிடாது. அடி அட்டையில் ஒட்டிக்கொள்ளும் கிரீம், கத்தியில் வழிந்துபோவது, முதல் வெட்டில் உதிர்வது என்று பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது நல்லது. ஆக அரைக் கிலோவில் தட்டுக்கு வருவது 450 கிராம். அது 9 பேருக்கு. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: அரைக் கிலோவுக்கு ஒன்பது பேர். இரண்டு கிலோ 36 பேருக்குக் காணும், இரண்டரைக் கிலோ 45 பேருக்கு.

இந்த 36 என்ற எண்ணைக் கண்ணால் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. இரண்டு கிலோ கேக்கைச் சதுர வடிவில் வாங்கினால், நீளவாக்கில் ஐந்து வெட்டு, குறுக்குவாக்கில் ஐந்து வெட்டு போட்டால் ஆறுக்கு ஆறு என்று சரியாக 36 துண்டுகள் விழும். வெட்டுவதற்கு முன்பே விளிம்பில் கத்தி முனையால் ஐந்து ஐந்து அடையாளம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டால் துண்டுகள் சிதையாமல் வரும். வட்டக் கேக்கை முக்கோணத் துண்டுகளாக வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். முதலில் வெட்டும் எட்டுப் பத்துத் துண்டுகள் பெரிதாகப் போய்விடும். கடைசியில் நிற்கும் குழந்தைகளுக்குச் சீவல்தான் மிஞ்சும். கேக் போதவில்லை என்று சொல்லப்படும் விழாக்களில் பலவற்றில் எடை போதுமானதாகவே இருந்திருக்கும். வெட்டிய விதம்தான் அதைக் குறைத்திருக்கும்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேக்கின் மேல் பொதிந்திருக்கும் சர்க்கரைப் பாகு உறையும், அதில் செய்து வைத்திருக்கும் பொம்மைகளும் அந்த இரண்டு கிலோவுக்குள் அடக்கமா, அல்லது அவை தனியா? அடக்கம் என்றால், குழந்தைகள் பெரும்பாலும் உரித்து ஒதுக்கிவிடும் ஒரு பகுதிக்கும் சேர்த்து எடைக்குப் பணம் கொடுக்கிறோம் என்று பொருள். அந்த நிலையில் அரைக் கிலோவுக்கு ஒன்பது பேர் என்பதை ஏழாகக் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எடை சொல்லாமல் விட்டத்தைச் சொல்லி விற்கும் இடங்களில், பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே உயரமுள்ள 20 சென்டிமீட்டர் கேக்கையும் 25 சென்டிமீட்டர் கேக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கால் பங்கு பெரிதாகத்தான் தோன்றும், ஆனால் உண்மையில் பெரியதில் 56 விழுக்காடு அதிகமாக இருக்கிறது. விலை அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் பெரியதை வாங்குவதுதான் ஒரு துண்டுக்கு மலிவு.

ரிட்டர்ன் கிஃப்ட்டின் படி இதைவிட எளிதானது, ஆனால் இதைவிடக் கூர்மையானது. 20 குழந்தைகளுக்காக வாங்கிய இரண்டு டஜனில் நான்கு பைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே கூடுதலாக வரும் முதல் நான்கு குழந்தைகளுக்குக் கிஃப்ட் செலவு எதுவும் இல்லை. இருபத்தைந்தாவது குழந்தை வரும்போதோ, அந்த ஒரு குழந்தைக்காக இன்னொரு டஜனையே வாங்க வேண்டியிருக்கிறது, 1,800. தலைக்கு 150 என்று எழுதி வைத்திருப்பவருக்கு இந்த இரண்டுமே கண்ணில் படாது. அலங்காரக் கணக்கில் எழுதப்படும் காகிதத் தொப்பி, பெயர் அட்டை, முகமூடி போன்றவற்றையும் நான் இந்த வரிசைக்குத்தான் மாற்றிவிடுவேன். பெயர் அலங்காரம் என்றிருந்தாலும், தலைக்கு ஒன்று வேண்டும் என்பதால் அவை கிஃப்ட்டைப் போலவே நடந்துகொள்கின்றன.

ஹாலின் படி எண்ணிக்கையில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு எடுத்த ஹாலில் அலங்காரம் செய்யவும் கழற்றவும் ஆகும் நேரம் அந்த மூன்று மணிக்குள் வருகிறதா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். வருகிறது என்றால் விழாவுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரமே. அதைத் தாண்டினால் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ தனிக் கட்டணம் விழும். திருப்பித் தரப்படும் வைப்புத் தொகையைச் செலவில் சேர்க்கக் கூடாது. துப்புரவுக் கட்டணத்தைச் சேர்க்க மறக்கவும் கூடாது. ஆனால் எண்ணிக்கை வரம்புதான் இங்கே நம் கணக்கைப் புரட்டுவது. 40 பேருக்கான ஹாலில் 41ஆவது ஆள் வரப்போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அடுத்த அளவு ஹாலை எடுக்க வேண்டும். அதன் வாடகை 9,000. ஹால் பெரிதானால் சுவரும் பெரிதாகும். 3,000க்குச் செய்த அலங்காரம் அங்கே வெறிச்சென்று தெரியும் என்பதால் அதுவும் 4,200 ஆகிவிடும். ஹாலும் அலங்காரமும் இப்படிக் கைகோத்துக்கொண்டு ஏறுவதால், அந்த ஒரு படியின் உயரம் 4,200. வாடகையில் ஏறும் 3,000ஐ மட்டும் பார்த்துவிட்டுப் பெரிய ஹாலுக்குச் சம்மதிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தோரணமும் பின்திரையும் எவ்வளவு நீளத்துக்கு வேண்டியிருக்கும் என்பதைத்தான்.

இப்போது அந்த ஆறு குழந்தைகளையும் ஒவ்வொருவராக உள்ளே வரச் செய்து பார்க்கலாம். கூடுதலாக வரும் குழந்தைகள் பெரும்பாலும் அழைக்கப்பட்டவர்களின் தம்பி தங்கைகள், அல்லது கடைசி நேரத்தில் சேர்ந்துகொள்ளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் கூட வருவார் என்றும், முதல் குழந்தையோடு முதல் பெரியவர் வந்துவிடுவார் என்றும் கொள்வோம்.

இருபத்தொன்றாவது குழந்தையும் ஒரு பெரியவரும் வந்ததும் ஹாலில் 34 பேர். கேக் 36 பேருக்கு இருக்கிறது, கிஃப்ட் 24 இருக்கிறது, ஹால் 40 பேருக்கு இருக்கிறது. கூடுதல் செலவு ஏதும் இல்லை. மொத்தம் அதே 14,200; தலைக்கு 676 ஆகக் குறைகிறது. இருபத்திரண்டாவது குழந்தை வந்தால் 35 பேர். இப்போதும் செலவு இல்லை; தலைக்கு 645. இருபத்துமூன்றாவது குழந்தை ஒரு பெரியவரோடு வருகிறது, 37 பேர். கேக்கின் படி இங்கே தட்டுகிறது. அரைக் கிலோ கூட்ட வேண்டும், 400. மொத்தம் 14,600, தலைக்கு 635. இருபத்துநான்காவது குழந்தைக்கு மீண்டும் செலவு இல்லை, தலைக்கு 608. இதுதான் இந்த வரிசையின் மிகக் குறைந்த சராசரி.

இருபத்தைந்தாவது குழந்தையோடு ஒரு பெரியவர் வருகிறார். ஹாலில் 40 பேர், நிறைந்துவிட்டது. கிஃப்ட்டில் மூன்றாவது டஜன் வாங்க வேண்டும், 1,800. மொத்தம் 16,400, தலைக்கு 656. இருபத்தாறாவது குழந்தை வந்தால் 41 பேர். கேக் போதும், கிஃப்ட்டும் போதும், ஆனால் ஹால் போதாது. பெரிய ஹாலும் அதற்கான அலங்காரமும் சேர்ந்து 4,200. மொத்தம் 20,600, தலைக்கு 792.

ஆறு குழந்தைகளுக்குமான கூடுதல் செலவு 6,400. அதில் மூன்று குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒருவருக்கு 400, ஒருவருக்கு 1,800, கடைசியாக வந்தவருக்கு 4,200. இந்த ஆறில் எதுவுமே 710க்கு அருகில் கூட இல்லை என்பதைத்தான் தங்கையிடம் சுட்டிக்காட்டினேன். சராசரி என்பது முழு விழாவையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது உதவும் எண். இன்னொருவரை அழைக்கலாமா என்று முன்னோக்கிப் பார்க்கும் கேள்விக்கு அது வழிகாட்டாது. அது போலவே, சராசரி குறைவதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 22 குழந்தைகளுக்குத் தலைக்கு 645 ஆக இருந்தது 23க்கு 635 ஆகக் குறைந்தபோது, கையிலிருந்து 400 கூடுதலாகத்தான் போனது. கூட்டம் கூடக் கூடத் தலைக்கு மலிவாகிறது என்று சொல்லிச் சொல்லியே பெரிய செலவில் போய் நிற்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டியது வகுத்த எண்ணையல்ல, மேலே இருக்கும் மொத்தத்தை.

இந்த வரிசையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. படிகளைத் தட்டியது குழந்தைகளா? இருபத்துமூன்றாவது குழந்தை தனியாக வந்திருந்தால் ஹாலில் 36 பேர்தான் இருந்திருப்பார்கள், கேக்கில் அரைக் கிலோ கூட்டியிருக்க வேண்டியதில்லை. இருபத்தாறாவது குழந்தை வரும்போது பெரியவர்களில் ஒருவர் குறைவாக இருந்திருந்தால் எண்ணிக்கை 40லேயே நின்றிருக்கும், 4,200 மிச்சம். ஒரு குழந்தைக்கு எவ்வளவு என்ற வகுத்தலில் பெரியவர்கள் கீழே எண்ணப்படுவதில்லை. ஆனால் கேக்கின் அளவையும் ஹாலின் அளவையும் முடிவு செய்வதில் அவர்கள் குழந்தைகளுக்குச் சமமாக நிற்கிறார்கள். அழைப்பில் குழந்தையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, கூட யார் வருவார்கள் என்று கேட்காமல் விடும் வீடுகளில், கடைசி நாளில் தடுமாற்றம் வருவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே தங்கையிடம் செய்யச் சொன்னது இரண்டே காரியம். முதலாவது, பிள்ளைகள் சற்றுப் பெரியவர்களாக இருக்கும் வீடுகளில், குழந்தையை விட்டுச் சென்று முடியும் நேரத்துக்கு வந்து அழைத்துக்கொள்ள முடியுமா என்று அன்பாகக் கேட்பது. ஒருவர் ஒப்புக்கொண்டாலே இந்தக் கணக்கில் போதும். இதில் ஒரு வரம்பும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளை இப்படி விட்டுச் செல்லச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அவர்களோடு வரும் பெரியவர் விழாவுக்குச் சுமையல்ல, தேவை. மீதி இருக்கும் குழந்தைகளைக் கவனிக்கவும் வீட்டாரில் போதிய பேர் இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது டஜனை வாங்காமல், தேவைப்படும் இரண்டு கிஃப்ட்டை மட்டும் சில்லறையாக வாங்குவது. சில்லறையில் ஒன்று 200 ஆனாலும் இரண்டுக்கும் 400தான். பை ஒரே மாதிரி இருந்தால் உள்ளே இருப்பது சற்று மாறுபடுவதைக் குழந்தைகள் அந்த இடத்தில் ஒப்பிடமாட்டார்கள். பையே வேறு நிறத்தில் இருந்தால் நிச்சயம் ஒப்பிடுவார்கள். அதனால் பையை மட்டும் முதலிலேயே சில கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இவை இரண்டையும் செய்தால் 26 குழந்தைகளுக்கான கணக்கு இப்படி மாறுகிறது: ஹால் 6,000, அலங்காரம் 3,000, கேக் இரண்டரைக் கிலோ 2,000, கிஃப்ட் இரண்டு டஜன் 3,600, சில்லறைக் கிஃப்ட் 400. மொத்தம் 15,000. தலைக்கு 577. முதலில் போட்டிருந்த 14,200க்கு மேல் கூடுதலாக ஆவது 800 மட்டுமே. அதே 26 குழந்தைகள், அதே கேக், ஆனால் 20,600க்கும் 15,000க்கும் இடையே 5,600 வித்தியாசம்.

கணினியிலோ கைப்பேசியிலோ அட்டவணை போட்டுப் பார்ப்பவர்களுக்காக, படிகளை அப்படியே வைத்திருக்கும் ஒரு சூத்திரத்தைத் தருகிறேன். `B1` கட்டத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை, `B2` கட்டத்தில் மற்ற எல்லாரின் எண்ணிக்கை.

```
=IF(B1+B2<=40,9000,13200)+ROUNDUP((B1+B2)/9,0)*400+ROUNDUP(B1/12,0)*1800
```

முதல் பகுதி ஹாலும் அலங்காரமும், நடுவில் இருப்பது கேக், கடைசியில் கிஃப்ட். 40, 9, 12 என்ற மூன்று எண்களும்தான் படியின் விளிம்புகள். அவற்றையும் விலைகளையும் உங்களுக்குச் சொல்லப்பட்டபடி மாற்றிக்கொண்டு, `B1` எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். ஏற்றும்போது `B2` எண்ணையும் உண்மையில் வரக்கூடியபடி ஏற்ற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்த இடத்தில் மொத்தம் தாவுகிறது என்பது தெரிந்தால், அந்த இடத்துக்கு முன்னால் நின்று யோசிக்கலாம். தாவாத இடங்களில் கூடுதல் விருந்தினரைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தம்பியையும் அழைத்து வரலாமா என்று தயங்கிக் கேட்கும் தாயிடம், தாராளமாக அழைத்து வாருங்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.

இதன் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அழைத்தவர்கள் எல்லாரும் வந்துவிடுவதில்லை. காய்ச்சல், வேறொரு விழா, ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். 20 பேரை அழைத்து 17 குழந்தைகள் வந்து, கூடுதலாக யாரும் வரவில்லை என்றால், செலவு 14,200 அப்படியே நிற்கிறது. தலைக்கு 835 ஆகிவிடுகிறது. வராத மூவர் ஒரு காசையும் மிச்சப்படுத்தவில்லை, ஏனென்றால் அவர்களுக்கான பணம் விழாவுக்கு முன்பே செலவாகிவிட்டது. மிஞ்சும் ஏழு கிஃப்ட்டின் மதிப்பான 1,050ஐக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். விற்றவர் பிரிக்காத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தாலோ, வீட்டில் உறுதியாகப் பயன்படும் பொருளாக இருந்தாலோ கழிக்கலாம். அப்போது தலைக்கு 774. அலமாரியில் கிடந்து தூசி சேரப்போகிறது என்றால் கழிக்கக் கூடாது. அதனால்தான் வயதையோ ஆண், பெண் என்பதையோ சாராத பொருளாக, வண்ணப் பென்சில், குறிப்பேடு, தண்ணீர்க் குவளை போன்றவையாக வாங்கச் சொல்கிறேன். மூன்று வயதுத் தம்பி எதிர்பாராமல் வந்தாலும் கையில் கொடுக்கலாம் என்பதற்காக, உதிரும் சிறு துண்டுகள் இல்லாத பொருளாகவும் அது இருக்க வேண்டும்.

வராதவர்களும் எதிர்பாராமல் வருபவர்களும் ஓரளவு ஒருவரையொருவர் ஈடுகட்டுவார்கள் என்று நம்பிக் கிஃப்ட்டைக் குறைத்து வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு கிஃப்ட் மிஞ்சினால் நட்டம் 150. ஒரு கிஃப்ட் குறைந்தால், எல்லாக் குழந்தைகளும் பையோடு கிளம்பும் வாசலில் ஒரு குழந்தை வெறுங்கையோடு நிற்கும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது. கேக்கில் குறைவு வந்தால் துண்டைச் சிறிதாக்கிச் சமாளிக்கலாம். 50 கிராம் துண்டை 45 கிராமாக்கினால் யாருக்கும் தெரியாது. ஹாலில் ஒருவர் அதிகமானால் ஒரு பெரியவர் சற்று நேரம் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் நெருப்புப் பாதுகாப்புக்காக வரம்பு வைத்திருக்கும் இடத்தில் அதை மீறிக் கூட்டம் சேர்க்கக் கூடாது. கிஃப்ட்டை மட்டும் பாதியாகப் பிரிக்க முடியாது. ஆகவே வருவார்கள் என்று உறுதி சொன்னவர்களின் எண்ணிக்கைக்கு மேல் மூன்று நான்கு கிஃப்ட் கூடுதலாக இருக்கட்டும். டஜன் கணக்கில் வாங்குவதால் அது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். 24 பேர் உறுதி சொல்லி இரண்டு டஜன் மட்டும் கையில் இருந்தால்தான் சில்லறையாக நான்கு வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

உறுதி கேட்கும் நாளையும் இந்தப் படிகளை வைத்தே முடிவு செய்யலாம். ஹாலை மாற்றுவதென்றால் பல நாட்களுக்கு முன்பே தெரிய வேண்டும், கேக்கில் அரைக் கிலோ கூட்டுவதை இரண்டு நாட்களுக்கு முன்பு சொன்னாலும் பொதுவாகச் செய்து கொடுத்துவிடுவார்கள், சில்லறைக் கிஃப்ட்டை முந்தின நாள் மாலையில் கூட வாங்கிவிடலாம். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பெரியவர்கள் உடன் வருவார்கள் என்பது. அதுதான் ஹாலைத் தீர்மானிக்கிறது, காத்திருக்க முடியாததும் அதுதான். குழந்தைகளின் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு முன்பின்னாக இருப்பதைக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கை அழைப்பிலேயே, உடன் யார் வருகிறார்கள் என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். சனிக்கிழமைக்குள்ளேயே பெரும்பாலான பதில்கள் வந்துவிட்டன, இரண்டு வீட்டார் குழந்தையை விட்டுச் செல்வதாகவும் சொல்லிவிட்டார்கள், ஹாலை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.